கோச் பிள்ளையைக் கேவலமாகத் திட்டுகிறார்: பெற்றோர் எழுத வேண்டிய கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியார் கிரிக்கெட் அகாடமியில் பயிற்சி பெறும் 12 வயதுப் பையனை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. கபடி, பேட்மிண்டன், நீச்சல் என்று எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும். பள்ளிக்கூடத்து பி.இ.டி. சார் விஷயம் மட்டும் கொஞ்சம் வேறு. அது கடைசிக்கு முந்தைய கேள்வியில் வருகிறது.

கண்டிப்பான கோச்தானே நல்ல கோச்? எதைக் கண்டிப்பு என்று விடுவது, எதற்குக் கடிதம் எழுதுவது?

கோச் சொன்ன வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று பாருங்கள்: அதைக் கேட்ட பிறகு, அடுத்த பந்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று பையனுக்குத் தெரியுமா?

"பந்து கைக்குள்ள வர்ற வரைக்கும் பாருடா! தலையைத் திருப்பாத!" இதைத் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் கண்டிப்புதான். என்ன தப்பு, எப்படித் திருத்துவது என்று இரண்டும் அதில் இருக்கிறது. "எருமை, கண்ணு பொடனியில இருக்கா? உங்கப்பன் காசைக் கொட்டுறான், நீ தண்டமா நிக்கிற." இதில் கேட்ச் பிடிப்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. பையனைப் பற்றியும் அவன் அப்பாவைப் பற்றியும்தான் இருக்கிறது. கடிதத்துக்கு உரியது இது.

சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதாதீர்கள். பவுண்டரி ஓரத்தில் நிற்பவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். "டா" போட்டுக் கூப்பிடுவதும் நம் ஊர் மைதானத்தில் வசையில் சேராது. பெண் பிள்ளைகளை "டீ" போடுவது பல வீடுகளுக்குப் பிடிக்காது. அதை நேரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் கடிதத்தில் அதையும் சேர்த்தால், கோச் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவார்.

"குண்டா", "கருவாயா" என்று செல்லமாகத்தான் கூப்பிடுகிறாராம். அதற்குமா?

செல்லப் பெயர் என்றால் பையன் வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். மறைத்து வைத்து, வேறொரு பையன் வாய் வழியாக உங்களுக்குத் தெரிய வந்தால் அது செல்லம் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோச் வைத்த பெயர் அவரோடு நிற்காது. ஒரு வாரத்தில் மொத்த டீமும் அதைச் சொல்லிக் கூப்பிடும், பிறகு வேன் வரைக்கும் வரும், பள்ளிக்கும் போகும். கடிதத்தில் அந்தத் தொடர்ச்சியை எழுதுங்கள்: "நீங்கள் வைத்த இந்தப் பெயரை இப்போது மற்ற பிள்ளைகளும் சொல்கிறார்கள்." "நான் பாசத்துல சொன்னேன்" என்ற பதில் இதற்குப் பொருந்தாது. நிறத்தையும் உடம்பையும் வைத்துச் சொல்லும் எந்தப் பெயருக்கும், ஒருமுறை கேட்டாலே எழுதலாம். பத்து முறை ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பையன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான். "நீங்க கோச்கிட்ட பேசினா என்னை டீம்ல எடுக்க மாட்டாரு" என்று அழுகிறான். என்ன செய்வது?

அவன் பயம் நியாயமானது. அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. "உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன், எழுதினால் உனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்" என்று சொல்லலாம். அதைக் காப்பாற்ற முடியும்.

கேட்கும் விதத்தில்தான் பாதி இருக்கிறது. "கோச் உன்னை அசிங்கமா திட்டினாரா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவான். பதிலை நீங்களே வாயில் வைத்ததாகவும் ஆகிவிடும். "இன்னைக்கு ஃபீல்டிங் எப்படிப் போச்சு? கேட்ச் விட்டதும் சார் என்ன சொன்னாரு?" என்று கேளுங்கள். வண்டியில் வரும்போது, முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகள் கூடுதலாகப் பேசுவார்கள். ஒரே நாளில் துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

அவனுடைய சொல்லைத் திருத்தாதீர்கள். "என்னமோ மாட்டைச் சொல்லித் திட்டினாரு" என்றால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதை நீங்கள் "எருமை" என்று மாற்றி எழுதி, கோச் உண்மையில் சொன்னது "மாடு" என்று இருந்தால், கடிதம் முழுவதும் பொய் என்று அவர் சொல்ல இடம் கிடைத்துவிடும்.

எழுதுவதற்கு முன் என்னென்ன குறித்து வைக்க வேண்டும்?

ஒரு சம்பவத்துக்கு ஐந்து விஷயம் போதும்: தேதி, நேரம், எந்தப் பயிற்சியின் நடுவில், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். நீங்களே கேட்டதா, பையன் சொன்னதா என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. அன்றிரவே எழுதிவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து எழுதும்போது "எப்பவும் இப்படித்தான்" என்பது மட்டும்தான் ஞாபகத்தில் மிஞ்சும்.

பலரும் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. கடிதம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் பையனுக்கு நெட்ஸில் எத்தனை நிமிடம் பேட்டிங் கிடைத்தது, எத்தனை ஓவர் போட வைத்தார், பயிற்சி ஆட்டத்தில் சேர்த்தாரா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்பது கீழே, பழிவாங்கல் பற்றிய பதிலில் வரும்.

பையன் பையில் போனை ஒளித்து வைத்து ரெக்கார்டு பண்ணச் சொல்லாதீர்கள். மாட்டினால் அத்தனையும் அவன் தலையில் விழும். அதைவிட, பயிற்சியின்போது நீங்களே போய் கேலரியில் உட்காருங்கள். பெற்றோர் உட்காரக் கூடாது என்று ஒரு அகாடமி தடுத்தால், அதையே தனியாக எழுத்தில் கேட்கலாம்.

கடிதம் யாருக்கு? கோச்சுக்கா, அகாடமி நடத்துபவருக்கா?

வசை மட்டும்தான், அதுவும் பயிற்சியின் சூட்டில் வருவது என்றால் முதல் கடிதம் கோச்சுக்கே, அவருக்கு மட்டும். நகல் யாருக்கும் போட வேண்டாம். முதல் கடிதத்திலேயே முதலாளிக்கு நகல் போட்டால், அவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலைத்தான் எழுதுவார்.

கை ஓங்கியிருந்தாலோ, சாதியைச் சொல்லியிருந்தாலோ, பாலியல் பொருள் வரும் பேச்சு இருந்தாலோ கோச்சுக்கு எழுதவே கூடாது. அதற்கான வழி வேறு, கீழே சொல்லியிருக்கிறோம். கோச்சே அகாடமியின் சொந்தக்காரர் என்றால் மேலே யாரும் இல்லை. அப்போது முதல் கடிதம் அவருக்கே போகும், ஆனால் கையில் தேதியிட்ட நகல் இருப்பது இன்னும் முக்கியமாகிவிடும்.

ஒரு மாதிரி கொடுக்க முடியுமா?

ஒரு பையன் உயரப் பந்து கேட்ச் பயிற்சியில் இரண்டு கேட்ச் விடுகிறான். முதல் நாள் அப்பா கேலரியில் இருக்கிறார். அடுத்த வாரம் அவர் இல்லை. பையன் வந்து சொல்கிறான். இதற்கான கடிதம்:

> மதிப்பிற்குரிய கோச் சார் அவர்களுக்கு,
>
> வணக்கம். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சனி, ஞாயிறு காலைப் பயிற்சிக்கு வரும் மாணவனின் தந்தை எழுதுகிறேன்.
>
> சென்ற 7-ஆம் தேதி சனிக்கிழமை காலை சுமார் 7.30 மணிக்கு, உயரப் பந்து கேட்ச் பயிற்சியின்போது என் மகன் தொடர்ந்து இரண்டு கேட்ச்களை விட்டான். அப்போது நீங்கள் அவனிடம், "எருமை, உங்கப்பன் காசைக் கொட்டுறான், நீ தண்டமா நிக்கிற" என்றீர்கள். நான் கேலரியில் இருந்து கேட்டேன். மற்ற மாணவர்களும் அருகில் இருந்தார்கள்.
>
> 14-ஆம் தேதி சனிக்கிழமை, அதே பயிற்சியில், "பொட்டச்சி மாதிரி கையை நீட்டுற, போய் வீட்டுல பாத்திரம் கழுவு" என்று நீங்கள் சொன்னதாக என் மகன் கூறுகிறான். அன்று நான் அங்கு இல்லை.
>
> அதற்குப் பிறகு அவன் வெள்ளிக்கிழமை இரவே வயிற்றுவலி என்கிறான். மற்ற நாட்களில் வலி இல்லை. உயரப் பந்து வந்தால் பந்தைப் பார்க்காமல் உங்களைத் திரும்பிப் பார்ப்பதை நானே கவனித்தேன்.
>
> அவன் கேட்ச் விட்டால் கண்டியுங்கள், திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் கேட்பது இரண்டு. அவனையோ மற்ற பிள்ளைகளையோ விலங்கின் பெயரால், பெற்றோரைச் சொல்லி, அல்லது பெண்களை இழிவுபடுத்தும் சொற்களால் திட்ட வேண்டாம். நடந்தது தவறு என்று அவனிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.
>
> அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு முன் இது பற்றி நேரில் பத்து நிமிடம் பேச விரும்புகிறேன். எந்த நேரம் வசதி என்று தெரிவியுங்கள்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கையொப்பம், தேதி, தொலைபேசி எண்)

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. இதற்கு மேல் நீள வேண்டியதில்லை.

இதில் கோபமே இல்லையே? இவ்வளவு சாதுவாக எழுதினால் மதிப்பார்களா?

மதிக்க வைப்பது தேதியும் மேற்கோளும்தான். "நீங்கள் பிள்ளைகளின் மனதைக் கொன்று கொண்டிருக்கிறீர்கள்" என்று எழுதினால் கோச் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். "7-ஆம் தேதி 7.30 மணிக்கு இதைச் சொன்னீர்கள்" என்பதை அப்படித் தள்ள முடியாது. சொன்னேன், சொல்லவில்லை, சொன்னது தவறு, இந்த மூன்றில் ஒன்றைத்தான் அவர் சொல்ல முடியும்.

வழக்கமாகக் கெடுக்கும் சொற்கள் "எப்பவும்", "எல்லாரையும்", "தினமும்". சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் பயிற்சிக்கு "தினமும் திட்டுகிறீர்கள்" என்று எழுதிய கடிதத்தின் மற்ற வரிகளை யாரும் நம்ப மாட்டார்கள். "உங்களுக்குக் கோச்சிங் தெரியவில்லை" என்பதும் வேண்டாம். அவர் ரஞ்சி ஆடியவரா, பட்டம் வாங்கியவரா என்ற பக்கம் பேச்சு திரும்பிவிடும். நோயின் பெயரையும் நீங்களே வைக்காதீர்கள். "டிப்ரஷன்" என்று டாக்டர் சொல்லாமல் எழுதக் கூடாது. "வெள்ளிக்கிழமை இரவு வயிற்றுவலி" என்பது அதைவிடத் தெளிவாகப் பேசும்.

கடைசியில் கேட்பது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "உங்கள் போக்கை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றால் மாறினாரா இல்லையா என்று யார் அளப்பது? விலங்கின் பெயர், பெற்றோர், பெண்களை இழிவுபடுத்தும் சொல் என்று பிரித்துச் சொன்னால், அடுத்த சனிக்கிழமையே தெரிந்துவிடும்.

கோச்சிடம் உண்மையாகவே நல்லது ஒன்று இருந்தால் ஒரு வரி எழுதலாம். இல்லாத புகழ்ச்சியை முதல் பத்தியில் ஊற்றினால் அடுத்த பத்தி நீர்த்துப்போகும்.

கெட்ட வார்த்தையையே சொன்னார். அதை எப்படிக் காகிதத்தில் எழுதுவது?

முதல் எழுத்தைப் போட்டு மீதியைப் புள்ளியாக வையுங்கள். "தாயைக் குறிக்கும் வசைச்சொல்" என்று பக்கத்தில் விளக்கினால் போதும். "தகாத வார்த்தை" என்று பொதுவாக விடாதீர்கள், "சோம்பேறின்னு சொன்னேன், அதுவா தகாத வார்த்தை?" என்று கேட்க அது வசதியாகிவிடும். உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் முழுச் சொல்லும் இருக்கட்டும்.

எப்படிக் கொடுப்பது?

உறையில் போட்டு, பயிற்சி இல்லாத நேரத்தில் நீங்களே கையில் கொடுங்கள். பையன் கையில் கொடுத்தனுப்புவதுதான் நாங்கள் பார்த்ததிலேயே மோசமான வழி. மற்ற பிள்ளைகள் முன்னால் கோச் அதைப் பிரித்துப் படிப்பார். வாட்ஸாப்பில் அனுப்பினால் அவருக்கு மட்டும், ஒரே செய்தியாக அனுப்புங்கள். முதல் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் வக்கீல் நோட்டீஸ் வாசனை வரும். அதை இரண்டாம் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கொடுத்த தேதியை நகலில் குறித்துவிடுங்கள்.

பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டால் எல்லாரும் சேர்ந்து கேட்கலாமே?

வேண்டாம். பத்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் கோச்சுக்குப் போயிருக்கும், நீங்கள் கடிதம் கொடுக்குமுன்பே. அப்புறம் குழு இரண்டாகப் பிரியும். தன் பையன் டீமில் இருப்பவர்கள் கோச் பக்கம் நிற்பார்கள். அவதூறு என்று அவர் திருப்பி அடிக்கவும் இடம் உண்டு.

வேறு பெற்றோருக்கும் இதே குறை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரே கடிதத்தில் பத்துக் கையெழுத்து வாங்குவதைவிட, மூன்று பேர் தாங்கள் கேட்டதைத் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது பலமானது. கூட்டுக் கடிதத்தில் யார் எதைக் கேட்டார்கள் என்பது மறைந்துவிடும். பிறகு ஒருவர் பின்வாங்கினால் மொத்தமும் ஆட்டம் காணும்.

"நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம் சார்" என்றால் என்ன சொல்வது?

அவர் இளமைக்காலத்தைப் பற்றி விவாதம் செய்ய வேண்டாம், அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது. "இருக்கலாம் சார். இவன் இப்ப பந்தைப் பார்க்காம உங்களைப் பார்க்கிறான். அதை எப்படி சரி பண்ணலாம்?" என்று மைதானத்துக்கே திருப்புங்கள். கோச்சுக்கு இது புரியும் மொழி. திட்டு வருமோ என்று பயப்படும் பையன் பந்து மேலே இருக்கும்போதே கழுத்தைத் திருப்புவான், கை விறைக்கும், விறைத்த கையில் பந்து பட்டுத் தெறிக்கும். மறுபடி கேட்ச் விடுவான், மறுபடி திட்டு விழும்.

"உங்க பையன் மட்டும்தான் சொல்றான், மத்தவங்க யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே" என்பது அடுத்து வரும். "நான் என் மகனுக்காக மட்டும்தான் சார் வந்திருக்கேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு பிள்ளைகள் பெயரை அங்கே இழுத்துவிட வேண்டாம்.

சில கோச்கள் உடனே "சாரி சார், டென்ஷன்ல வந்துடுச்சு" என்பார்கள். நல்லது, அதைப் பையனிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்கும் மன்னிப்பு அவனுக்குத் தெரியாது.

கடிதம் கொடுத்த பிறகு பையனை ஓரங்கட்டுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத்தான் முன்பே நிமிடம் எண்ணச் சொன்னோம். முன்னால் பத்து நிமிடம் பேட்டிங் கிடைத்தது, இப்போது இரண்டு நிமிடம். பந்து பொறுக்க மட்டும் நிற்க வைக்கிறார். பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை. இதில் ஒன்று ஒருநாள் நடந்தால் அது ஒன்றுமில்லை. ஆட்டத்துக்கு முந்தைய வாரம் டீமில் இருப்பவர்களுக்குக் கூடுதல் நேரம் போவது எங்கும் வழக்கம். தொடர்ந்து மூன்று வாரம் என்றால் இரண்டாம் கடிதத்துக்கு நேரம் வந்துவிட்டது. இது அகாடமி நடத்துபவருக்கு. முதல் கடிதத்தின் நகல், கொடுத்த தேதி, முன்பும் பின்பும் உள்ள நிமிடக் கணக்கு, இவ்வளவுதான் வேண்டும்.

போட்டிக்குத் தேர்வாகவில்லை என்பதை மட்டும் வைத்துப் பழிவாங்கல் என்று எழுதாதீர்கள். தேர்வு கோச்சின் கையில் இருக்கும் உரிமை. அதை நிரூபிப்பது கடினம்.

எப்போது கடிதத்தை விட்டுவிட்டுப் புகாருக்குப் போக வேண்டும்?

பாலியல் நோக்கம் தெரியும் பேச்சு, சைகை, செய்தி என்றால் அன்றைக்கே. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் சொல்லால் செய்யும் பாலியல் தொல்லையும் குற்றம்தான். அப்படி நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்வது 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். அகாடமிக்காரர் "உள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்றால், அவரும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பிள்ளையை, அந்த இரண்டிலும் சேராத ஒருவர், மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அங்கே யார் யார் இருந்தார்கள் என்பது இந்த வழக்கில் உயிர்நாடி, அதனால் குறிப்பில் அதை விடக்கூடாது.

அடி, அல்லது பிள்ளை உடம்பாலோ மனதாலோ துன்பப்படும் அளவுக்குத் தொடர் கொடுமை என்றால், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒருமுறை "தண்டம்" என்றதற்கு இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டாதீர்கள். போலீஸ் எடுக்காது, உங்கள் நியாயமான குறையும் அதோடு போய்விடும்.

எங்கே போவது என்று தெரியவில்லையா? 1098-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் எழுத்தில் கொடுக்கலாம்.

திட்டுவது பள்ளிக்கூடத்து பி.இ.டி. சார் என்றால்?

கடிதம் தலைமையாசிரியருக்குப் போக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது என்பதால், பத்தாவது, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவை எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணையும் கூப்பிடலாம்.

பதிலே இல்லை. அகாடமியை விட்டு நிறுத்திவிடலாமா? மூன்று மாதக் கட்டணம் கட்டியிருக்கிறோமே.

நேரில் பேசக் கேட்ட நாள் தாண்டி ஒரு வாரம் பாருங்கள். பிறகு அகாடமி நடத்துபவருக்கு இரண்டாம் கடிதம். அதில் மீதமுள்ள மாதங்களின் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் ஒரு வரி எழுதிவிடுங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தில் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் பாருங்கள், இருந்தாலும் கேட்கலாம். கட்டிய காசுக்காகப் பையனை மீதி மாதமும் அனுப்பாதீர்கள்.

வேறு இடத்தில் சேர்க்கும் முன், அங்கே ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் கேலரியில் உட்கார்ந்து பாருங்கள். யாராவது ஒரு பையன் எப்படியும் கேட்ச் விடுவான். கோச் வாயிலிருந்து அடுத்து வரும் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.